உளுந்து இல்லாத முறுக்கு: மூன்று பகுதி டீசர் எப்படி வேலை செய்கிறது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் நடத்தும் சின்ன டிசைன் கடைக்கு மாதம் நாலைந்து பேராவது ஒரே வேலையோடு வருகிறார்கள். "கறுப்பு பேக்ரவுண்டு போடுங்க. நடுவுல பெரிய கேள்விக்குறி. கீழ 'விரைவில்'னு மட்டும் இருக்கட்டும். என்னன்னு தெரியக்கூடாது, அப்பத்தான் ஜனங்க ஆர்வமா இருப்பாங்க." நானும் பல வருடம் கேட்டபடியே செய்து கொடுத்திருக்கிறேன். அந்தப் படங்களைப் பார்த்து யாரும் ஆர்வமானதை நான் பார்த்ததில்லை.

டீசர் என்றால் மறைப்பது என்று ஒரு எண்ணம் பரவிவிட்டது. எவ்வளவு மறைக்கிறோமோ அவ்வளவு ஆர்வம் வரும் என்று நினைக்கிறார்கள். உண்மை கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறானது. அதை அடிப்படையிலிருந்து சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கும் ஒரு அக்காவுக்காகப் போன ஜூன் மாதம் நாங்கள் சேர்ந்து செய்ததையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். அவர் ஒரு புது முறுக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் மூன்று டீசர் போட்டோம்.

## முதலில் ஒரு விடுகதை

"முள்ளுக்குள்ளே முத்துக்குலை, அது என்ன?"

சின்ன வயதில் பாட்டி இதைக் கேட்டபோது என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். முள் என்றால் தெரியும், முத்து என்றாலும் தெரியும். ஆனால் முள்ளுக்குள் முத்து எப்படி வரும்? தெரிந்த இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கின்றன. நடுவில் ஒரே ஒரு துண்டு இல்லை, அந்தத் துண்டைத் தேடித்தான் மனசு ஓடுகிறது. பலாப்பழம் என்று சொன்னவுடனே எல்லாம் பொருந்திவிடுகிறது.

இதே பாட்டி "என்கிட்ட ஒண்ணு இருக்கு, அது என்ன?" என்று மட்டும் கேட்டிருந்தால் நாம் விளையாடப் போயிருப்போம். ஊகிக்க அதில் ஒன்றுமில்லை. கறுப்புப் படத்தில் கேள்விக்குறி போட்டு 'விரைவில்' என்பது இந்த இரண்டாவது கேள்விதான். கேட்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூட அதில் கிடைப்பதில்லை.

இந்தக் கட்டுரை முழுக்க டீசர் என்று நான் சொல்வது இதைத்தான்: ஒரு பொருள் விற்பனைக்கு வருவதற்கு முன், அதைப் பற்றி ஓரளவு காட்டி, ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனதில் விட்டுச் செல்லும் சின்ன முன்னறிவிப்பு. 'விரைவில்' என்பது வெறும் அறிவிப்பு, அதுவும் பாதி அறிவிப்பு.

## ஆர்வம் எங்கிருந்து வருகிறது

ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்று பிரபலம். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஒரு இடைவெளி கண்ணில் படும்போது ஆர்வம் பிறக்கிறது. அதைத் தகவல் இடைவெளி என்கிறார்கள். இதில் 'கண்ணில் படும்போது' என்பதுதான் முக்கியம். ஒரு விஷயத்தைப் பற்றி எதுவுமே தெரியாவிட்டால் அங்கே இடைவெளி தெரியாது, வெறும் வெளிதான் இருக்கும். பல் வரிசையில் ஒரு பல் போனால் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும். மற்ற பற்கள் இருப்பதால்தான் அந்த ஓட்டை உறுத்துகிறது.

2009-ல் கலிபோர்னியாவில் சில ஆய்வாளர்கள் வினாடி வினாக் கேள்விகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 'உங்கள் பதில் சரி என்று எவ்வளவு நம்புகிறீர்கள், சரியான பதிலை அறிய எவ்வளவு ஆர்வம்' என்று கேட்டார்கள். துளியும் தெரியாத கேள்விகளில் ஆர்வம் குறைவாக இருந்தது. நன்றாகத் தெரிந்த கேள்விகளிலும் குறைவுதான். 'தெரிந்த மாதிரி இருக்கிறதே, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லையே' என்ற நடுநிலையில்தான் ஆர்வம் உச்சத்தில் இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஆர்வம் அதிகமாக இருந்த கேள்விகளுக்குத் தவறாகப் பதில் சொன்னவர்கள், ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது சரியான பதிலை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். இது நமக்குப் பின்னால் உதவும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: ஆர்வம் வர வேண்டுமானால் வாசகருக்குப் பாதியாவது தெரிந்திருக்க வேண்டும், ஒரு துண்டு மட்டும் விடுபட்டிருக்க வேண்டும், அந்தத் துண்டைத் தன்னால் ஊகிக்க முடியும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

## அக்காவின் முதல் முயற்சி

பண்ருட்டிப் பக்கம் பலாப்பழக் காலத்தில் கொட்டை ஏராளமாகக் கிடைக்கும். பாதி குழம்புக்கும் பொரியலுக்கும் போகும், மீதி குப்பைக்குப் போகும். அக்கா அந்தக் கொட்டைகளை மேல்தோல் உரித்து, மெல்லிசாகச் சீவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, லேசாக வறுத்து மில்லில் அரைத்துக்கொண்டார். முறுக்குக்கு வழக்கமாகப் போடும் உளுந்து மாவை எடுத்துவிட்டு, மூன்று பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு பலாக்கொட்டை மாவு சேர்த்தார். முறுக்கு கொஞ்சம் பழுப்பாக வரும், வறுத்த வாசனை தூக்கலாக இருக்கும். தின்றவர்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது.

அப்புறம் அவர் என்னிடம் வராமலே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டார். சிவப்புத் துணி மூடிய தட்டு. 'கடலூருக்கே புதுசு. காத்திருங்கள்.' அடுத்த நாள் அதே தட்டு, 'இன்னும் சில நாட்களில்'. மூன்றாம் நாளும் அதே மாதிரி. மறுநாள் கடைக்கு வந்து கேட்டார்: "இன்னா தம்பி, நூறு பேருக்கு மேல பாத்திருக்காங்கன்னு காட்டுது. ரெண்டே ரெண்டு பேருதான் கேட்டாங்க. அதுலயும் ஒண்ணு எங்க நாத்தனார்."

கேட்ட இருவரும் எழுதியது "என்னக்கா அது?" என்பது மட்டும். அது மரியாதைக்குக் கேட்பது. ஆர்வமாக இருக்கிறவர் "என்ன" என்று மட்டும் கேட்டு நிற்க மாட்டார், ஊகிப்பார். "அதிரசமா?" என்பார், "போன தடவை செஞ்ச மாதிரி சோமாசியா?" என்பார். சிவப்புத் துணிக்குக் கீழே அதிரசமும் இருக்கலாம், புடவையும் இருக்கலாம். ஊகிக்க வழியில்லாததால் யாரும் ஊகிக்கவில்லை.

நாங்கள் இரண்டு வாரம் அமைதியாக விட்டுவிட்டு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

## ஏன் மூன்று, ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை

மூன்று என்பது மந்திர எண் கிடையாது. ஒரு பொருளை வாங்குவதற்கு முன் மனதில் எழும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று கட்டமாக வருகின்றன என்பதால் மூன்று. முதலில் 'இது என்ன, ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே'. அடுத்து 'ஓ, இதுவா, நிஜமாகவா?' கடைசியாக 'நன்றாக இருக்குமா, எனக்குக் கிடைக்குமா?' ஒவ்வொரு டீசரும் முந்தைய கேள்விக்குப் பதிலோ பதிலின் பெரிய பகுதியோ கொடுத்துவிட்டு, அடுத்த கேள்வியைத் திறக்க வேண்டும். பலருக்கும் இது புரிவதில்லை. முதல் டீசரில் கேட்ட கேள்வியையே மூன்றிலும் வேறு வேறு படத்தோடு கேட்கிறார்கள். அது ஒரே டீசரை மூன்று தடவை போடுவதுதான். அக்காவின் சிவப்புத் தட்டில் நடந்ததும் அதுவே.

எழுதும்போது கடைசியிலிருந்து எழுதுங்கள். நாங்கள் முதலில் எழுதியது விற்பனை நாள் காலையில் போக வேண்டிய செய்தியை: பண்ருட்டிப் பலாக்கொட்டை முறுக்கு, 200 கிராம் பாக்கெட் 80 ரூபாய், மொத்தம் 60 பாக்கெட், சனிக்கிழமை காலை 10 மணிமுதல், எங்கே வந்து வாங்கிக்கொள்வது. இது முடிவானதும், இதில் எந்தத் தகவலை எந்த நாளில் விட்டுக்கொடுப்பது என்று பின்னோக்கிப் பிரித்தோம். முன்னாலிருந்து எழுத ஆரம்பித்தால் முதல் டீசரில் அளவுக்கு மீறிப் பில்டப் கொடுத்துவிட்டு, பிறகு அதற்கு ஈடு கொடுக்க முடியாமல் தவிப்போம்.

### முதல் பகுதி, ஞாயிறு மாலை 7 மணி

படம்: வாழை இலையில் நாலு முறுக்கு, நல்ல வெளிச்சத்தில், நெருக்கமாக. எதையும் மூடவில்லை.

வரி: 'இந்த முறுக்கில் உளுந்து இல்லை. கடலை மாவும் இல்லை. பின்னே என்ன?'

அக்காவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "முறுக்குன்னு சொல்லிட்டா அப்புறம் என்னா இருக்கு தம்பி?" என்றார். முறுக்கு என்று சொன்னதால்தான் இந்தக் கேள்வியே உயிரோடு இருக்கிறது. நம் ஊரில் முறுக்கு தெரியாதவர் இல்லை. முறுக்கில் உளுந்து இருக்கும் என்பது வீட்டில் ஒரு தடவை மாவு பிசைந்த எல்லாருக்கும் தெரியும். அந்த அறிவை அவர்கள்தான் கொண்டுவருகிறார்கள். அதில் ஒரு பல்லை மட்டும் நாம் பிடுங்கி வைக்கிறோம். கடலை மாவு இல்லை என்று சேர்த்ததற்கும் காரணம் உண்டு. அதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் பதில். அதை முன்னாலேயே அடைத்துவிட்டால் இரண்டாவது யோசனைக்குப் போவார்கள்.

அன்று ராத்திரிக்குள் பதினாலு பேர் ஊகித்து அனுப்பினார்கள். கேழ்வரகு, பொட்டுக்கடலை, மரவள்ளி, பாசிப்பருப்பு, ஒருவர் வாழைக்காய் மாவு. எல்லாம் தவறு. ஆனால் மேலே சொன்ன ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்வத்தோடு தவறாக ஊகித்தவர் சரியான பதில் வரும்போது அதை நன்றாக நினைவில் வைத்திருப்பார். தவறான ஊகம் ஒவ்வொன்றுக்கும் அக்கா "இல்லீங்க, ஆனா நல்ல ஊகம்" என்று தனித்தனியாகப் பதில் எழுதினார். இதற்கு ஒரு மணி நேரம் ஆனது. இந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்க முடியாதவர்கள் கேள்வி கேட்கும் டீசர் போட வேண்டாம். கேட்டுவிட்டுப் பதிலே சொல்லாமல் இருப்பது முகத்தில் அடித்த மாதிரி.

### இரண்டாம் பகுதி, புதன் மாலை 7 மணி

படம்: முறத்தில் காயும் மெல்லிய வெள்ளைச் சீவல்கள். முழுக் கொட்டை ஒன்றுகூட தெரியாமல் எடுத்தோம்.

வரி: 'உளுந்து இல்லாத முறுக்கு என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னோம். உளுந்துக்குப் பதில் போட்டது இதுதான். இந்த மாதம் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். பாதிப் பேர் குப்பையில் போட்டிருப்பீர்கள்.'

முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஞாயிறு பார்க்காதவர் புதன்கிழமைதான் பார்க்கிறார். அவருக்கும் புரிகிற மாதிரி ஒரு வரியில் முன்கதை சொல்லிவிட வேண்டும். மூன்றையும் வரிசையாகப் பார்த்தால்தான் புரியும் என்று வைத்தால் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம்.

இரண்டாவது டீசர் முதல் டீசரைவிட அதிகம் திறந்திருக்க வேண்டும். இடைவெளி சுருங்கச் சுருங்க, 'இதோ கண்டுபிடித்துவிடுவேன்' என்ற நிலை வருகிறது. ஆர்வம் உச்சத்துக்குப் போகும் இடம் அதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் இங்கே பயந்து போய் இன்னும் இறுக மூடுகிறார்கள்.

புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா பதற்றமாகப் போன் செய்தார். பண்ருட்டியில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் 'பலாக்கொட்டை' என்று சரியாகச் சொல்லிவிட்டார். "எல்லாம் போச்சு தம்பி, இப்ப இன்னா பண்றது?" ஒன்றும் போகவில்லை. சரியாகக் கண்டுபிடித்தவர் நம் எதிரி கிடையாது, ரகசியத்தில் பங்காளி. அக்கா அவருக்கு இப்படி எழுதினார்: "சரியா சொல்லிட்டீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்களோடவே வச்சிக்குங்க. முதல் பாக்கெட் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்." அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பெரிய நஷ்டமில்லை, ஏனென்றால் மூன்றாவது டீசரில் நாங்களே சொல்லப் போகிறோம்.

### மூன்றாம் பகுதி, வெள்ளி மாலை 7 மணி

இது வீடியோ, பத்து விநாடி. ஒரு கையில் பலாக்கொட்டை, இன்னொரு கையில் முறுக்கு. முறுக்கை உடைக்கிறார், நொறுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. பின்னணி இசை போடவில்லை.

வரி: 'ஞாயிறு கேட்ட கேள்விக்குப் பதில்: பண்ருட்டிப் பலாக்கொட்டை. நாளை காலை 10 மணிக்கு 60 பாக்கெட். 200 கிராம் 80 ரூபாய்.'

ரகசியத்தை விற்பனை நாள் வரை காப்பாற்றாமல் ஏன் முந்தின நாளே உடைக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. என்னவென்றே தெரியாத ஒன்றை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. விற்பனை நாள் காலையில் முதல் முறையாக 'பலாக்கொட்டை' என்று கேள்விப்படுகிறவர், அதைப் பற்றி யோசித்து, வீட்டில் பேசி, பிறகு முடிவெடுப்பதற்குள் அன்றைய நாள் போய்விடும். முந்தின இரவே தெரிந்தால் யோசனை அந்த இரவிலேயே முடிந்துவிடும். காலையில் மிச்சமிருக்கும் கேள்வி 'எனக்குக் கிடைக்குமா' என்பது மட்டும்தான்.

ஆக, 'என்ன' என்ற இடைவெளியை மூன்றாம் பகுதி மூடிவிடுகிறது. 'எப்படி இருக்கும்' என்ற இடைவெளியைத் திறக்கிறது. அதை மூட ஒரே வழி, வாங்கித் தின்பது. அந்த நொறுங்கும் சத்தத்தை வைத்ததும் அதற்காகத்தான்.

இன்னொரு முறை சுருக்கமாக: முதல் பகுதி தெரிந்த ஒன்றில் ஒரு துண்டைப் பிடுங்கிக் காட்டுகிறது, இரண்டாவது அந்தத் துண்டின் ஓரத்தைக் காட்டுகிறது, மூன்றாவது முழுத் துண்டையும் கொடுத்துவிட்டு விலை, நாள், எண்ணிக்கை சொல்கிறது.

## நாள் இடைவெளி

ஞாயிறு, புதன், வெள்ளி, சனி. மூன்று நாள், இரண்டு நாள், ஒரு ராத்திரி. இடைவெளி குறைந்துகொண்டே வருவதைப் பாருங்கள். முதல் டீசருக்குப் பிறகு ஊகங்கள் வரவும், பேச்சு பரவவும் கொஞ்சம் நேரம் வேண்டும். பதில் நெருங்கும்போது காத்திருக்க வைத்தால் எரிச்சல் வரும். சின்னப் பொருளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது என் அனுபவம். 80 ரூபாய் முறுக்குக்கு யாரும் ஒரு மாதம் காத்திருக்க மாட்டார்கள்.

சரக்கு தயாராகும் முன் முதல் டீசரைப் போடவே கூடாது. முறுக்குக்கு முழுச் சரக்கும் முன்கூட்டிச் சுட்டு வைக்க முடியாது, பழசாகிவிடும். அதனால் மாவு அரைத்து, பாக்கெட்டும் லேபிளும் வந்து, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் லேபிளில் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஞாயிறு படத்தைப் போட்டோம். சுடுவது வியாழனும் வெள்ளியும். பதிலுக்காகக் காத்திருந்தவரிடம் "ஒரு வாரம் தள்ளிப் போச்சுங்க" என்றால் அடுத்த தடவை அவர் ஊகிக்க மாட்டார்.

## யாருக்குப் போகிறது

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியல் அது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அக்காவின் பட்டியலில் 180 பேர் இருந்தார்கள். பலர் அவருடைய எண்ணைச் சேமிக்கவே இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பழைய பாக்கெட்டுகளோடு 'இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டால் புதுப் பலகாரம் வரும்போது தெரியும்' என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்து, இரண்டு வாரத்தில் சரிசெய்தோம்.

டீசர் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களிடம்தான் வேலை செய்யும். அக்கா கைப்பக்குவம் தெரிந்தவருக்கு 'உளுந்து இல்லாத முறுக்கு' ஒரு புதிர். முன்பின் தெரியாதவருக்கு அது யாரோ சுட்ட முறுக்கு. புதிய ஆட்களைப் பிடிக்க வேண்டுமென்றால் ருசி பார்க்கக் கொடுப்பதுதான் வழி.

## எங்கே தவறும், எப்படித் தெரியும்

பார்த்தவர் எண்ணிக்கையை நம்ப வேண்டாம், ஊகித்தவர் எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் டீசருக்கு ஒரு நாளில் ஊகமே வரவில்லை என்றால் கேள்வி அளவுக்கு மீறி மூடியிருக்கிறது. அப்போது இரண்டாவது டீசரைத் திட்டமிட்டதைவிட இன்னும் திறந்து போடுங்கள். முதல் நாளே பாதிப் பேர் சரியாகச் சொல்லிவிட்டால் கேள்வி அளவுக்கு மீறிச் சுலபம். இரண்டாவதை விட்டுவிட்டு நேரே மூன்றாவதுக்குப் போய், விற்பனையையும் முன்னால் தள்ளுங்கள். முடிந்தால்தான், சரக்கைப் பொறுத்து.

இன்னொரு தவறுதான் என்னை அதிகம் வருத்தியது. சில வருடம் முன்னால் புதுச்சேரியில் ஒரு துணிக்கடைக்கு பேனர் செய்து கொடுத்தேன். 'புதுச்சேரியே எதிர்பார்க்காத ஒன்று' என்று பத்து நாள் தொங்கியது. ஜனங்கள் நிஜமாகவே பேசினார்கள். பக்கத்து டீக்கடையில் நானே கேட்டேன், புதுக் கிளை என்றார் ஒருவர், பாதி விலை என்றார் இன்னொருவர். பதினோராம் நாள் திறந்தது, மாடியில் ஏசி போட்ட ஒரு பட்டுப் புடவைப் பகுதி. நல்ல பகுதிதான், புடவைகளும் நன்றாக இருந்தன. ஆனால் பாதி விலையை எதிர்பார்த்து வந்தவர் ஏசியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கேள்வி பெரிதாக, பதில் சின்னதாக இருந்தால் நல்ல பதிலும் ஏமாற்றமாகிவிடும். அதே பகுதியை 'காஞ்சிபுரம் போகாமலே' என்ற மாதிரி ஒரு சின்னக் கேள்வியோடு திறந்திருந்தால், வந்தவர்கள் புடவை வாங்க வந்தவர்களாக இருந்திருப்பார்கள். அந்த வரியை எழுதியவன் நான் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

உணவுப் பொருளுக்கு மட்டும் தனியாக இரண்டு எச்சரிக்கை. என்ன சேர்த்திருக்கிறது என்பதை விளையாட்டுக்கு மறைக்கும்போது, அலர்ஜி இருக்கிறது என்று யாராவது கேட்டால் உடனே நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் "வேர்க்கடலை இருக்கா, என் பையனுக்கு ஆகாது" என்று கேட்டார். அக்கா அந்த நிமிடமே "வேர்க்கடலை இல்லை, பலாக்கொட்டை" என்று முழுப் பதிலும் சொல்லிவிட்டார். இரண்டாவது, பலா என்றதும் 'சர்க்கரை நோய்க்கு நல்லது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி நிறையப் பேர் யோசனை சொன்னார்கள். நாங்கள் சேர்க்கவில்லை. எண்ணெயில் சுட்ட அரிசி முறுக்கு அது. டீசர் என்ற பெயரில் மருந்துப் பேச்சுப் பேசக் கூடாது.

தினமும் வாங்கும் பொருளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இட்லி மாவு புதிதாக விற்க ஆரம்பித்தால் 'நாளை முதல் இட்லி மாவு, கிலோ இவ்வளவு' என்று சொன்னால் போதும். அங்கே விடுபட்ட துண்டு எதுவும் இல்லை, வலிந்து உண்டாக்கினால் பொய்யாகத் தெரியும்.

## சனிக்கிழமை

பத்து மணிக்கு ஆரம்பித்தது. பகல் ஒரு மணிக்குள் 47 பாக்கெட் போனது. மீதி 13-ஐ ஞாயிறு காலை அக்காவின் தம்பி புதுச்சேரிக்கு எடுத்துப் போய், முத்தியால்பேட்டையில் சொல்லி வைத்திருந்த இரண்டு வீட்டிலும் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தவர்களிடமும் கொடுத்தார். 60 என்று சொன்னது 60-தான். தீர்ந்த பிறகு கேட்டவர்களுக்கு "அடுத்த சனிக்கிழமை" என்று நாள் சொன்னோம், அந்த நாளுக்குத் திரும்ப டீசர் போடவில்லை. அவிழ்த்த விடுகதையை மறுபடி போட முடியாது.

முதலில் ஊகித்த பதினாலு பேரில் ஒன்பது பேர் வாங்கினார்கள். வாழைக்காய் மாவு என்று சொன்னவர் இரண்டு பாக்கெட் வாங்கிவிட்டு, "நான் சொன்னதையும் ஒரு தடவ செஞ்சு பாருங்களேன்" என்றார். அக்கா இப்போது அதற்குத்தான் வாழைக்காய் காயவைத்துக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை மத்தியானம் பண்ருட்டி பஸ்ஸில் ஒரு கோணிப்பை வந்தது. சரியாகக் கண்டுபிடித்தவர் அனுப்பியிருந்தார், தோப்பில் வீணாகக் கிடந்த கொட்டைகளைக் கழுவி உலர்த்தி, கிட்டத்தட்ட பத்து கிலோ. பை மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'குப்பையில் போடவில்லை' என்று எழுதியிருந்தது.